பண்ருட்டி பில் வராத ராத்திரி: தினசரி விற்பனை அறிக்கைக்கு பேட்ச்சா, ஸ்ட்ரீமிங்கா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தலைமை அலுவலகம், மொத்தம் பதினான்கு கடைகள். கடலூரில் நான்கு, புதுச்சேரியில் ஐந்து, மீதி பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம், விருத்தாசலம், விழுப்புரம். துணிமணியும் வீட்டுச் சாமானும் விற்கிற நிறுவனம். பெயர் வேண்டாம். அவர்களுடைய விற்பனை அறிக்கை தினமும் காலை எட்டு மணிக்கு முதலாளியின் போனுக்குப் போகும். போன வருடம் அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வி இது:

"தம்பி, சாப்பாடு ஆர்டர் பண்ணா வண்டி எந்தத் தெருவுல வருதுன்னு போன்ல தெரியுது. என் கடையில இப்ப எவ்ளோ வியாபாரம் ஆயிருக்குன்னு நாளைக்குக் காலையிலதான் தெரியணுமா?"

நியாயமான கேள்விதான். அதற்கு முந்தின வாரம் ஒரு மென்பொருள் விற்பனையாளர் வந்து, பில்லைச் செய்தியாகக் கொண்டுவரும் காஃப்கா, அதைக் கூட்டும் ஃப்ளிங்க் எல்லாம் போட்டுப் படம் வரைந்து காட்டிவிட்டுப் போயிருந்தார். படத்தில் அம்புக்குறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. முதலாளிக்குப் படம் பிடித்துவிட்டது, விலை பிடிக்கவில்லை. இரவில் மொத்தமாகக் கூட்டும் பேட்ச்சா, பில் விழ விழக் கூட்டும் ஸ்ட்ரீமிங்கா, எது சரி என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அப்போது நான் எடைபோட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே அளவில் கடை நடத்துகிறவர்களிடம் வேலை பார்க்கும் யாருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம், அதில் அதிக நேரம் போகாது. பதினான்கு கடையும் சேர்ந்து சாதாரண நாளில் ஏறக்குறைய 9,000 பில். காலை பத்து முதல் இரவு பத்து வரை பன்னிரண்டு மணி நேரம், அதாவது 43,200 விநாடி. ஐந்து விநாடிக்கு ஒரு பில் விழுகிறது. தீபாவளி வாரத்தில் நான்கு மடங்கு என்று வைத்தாலும் விநாடிக்கு ஒன்றைத் தாண்டாது. ஒரு பில்லில் சராசரி நான்கு வரி என்றால் நாளுக்கு 36,000 வரி. சாதாரண போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர் இதைக் கூட்டிச் சொல்ல ஒரு விநாடிகூட எடுக்காது. ஆகவே "டேட்டா அதிகம், அதனால் ஸ்ட்ரீமிங்" என்ற வாதம் இங்கே எடுபடாது. "எவ்வளவு சீக்கிரம் தெரியவேண்டும்" என்ற வாதம் மட்டும்தான் மிச்சம்.

அந்த வாதத்தை முதலாளியிடமே திருப்பிக் கேட்டேன். மத்தியானம் மூன்று மணிக்குப் புதுச்சேரி நேரு வீதிக் கடையில் விற்பனை குறைவு என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். ஒரு கடையில் சரக்கு தீர்ந்து இன்னொரு கடையில் தேங்கிக் கிடந்தால், சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னால் வண்டி ஏற்றி அனுப்பலாம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் வண்டி பிடித்து, பில் போட்டு, இறக்கி அடுக்க இரண்டு மணி நேரம் ஆகிவிடும். இந்த முடிவுக்குப் பதினைந்து நிமிடப் பழைய எண் போதும். விநாடிக் கணக்கில் புதிய எண் வந்தாலும் வண்டி வேகமாக ஓடப்போவதில்லை.

இவ்வளவோடு முடிவெடுத்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் உண்மையான சிக்கல் வேகத்தில் இல்லை, ஒரு நாள் எப்போது முடிகிறது என்பதில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் பேட்ச்சும் ஸ்ட்ரீமிங்கும் பிரிகின்றன.

ஒரு மழை நாளை எடுத்துக்கொள்வோம். இந்தக் கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் அது அபூர்வமல்ல. 2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சலும் செய்ததை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த அளவுக்குக்கூட வேண்டாம், ஒரு கனமழை போதும். பண்ருட்டிக் கடையில் மாலை 4.10-க்கு இன்டர்நெட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடுகிறது, கடையிலேயே இருக்கும் கணினியில் பில்லிங் நிற்காமல் நடக்கிறது. கடை அடைக்கும்போது 600 பில். அதில் 388 மட்டும் தலைமை அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. மிச்சம் 212, பில்லுக்குச் சராசரி 850 ரூபாய் என்றால் ஏறக்குறைய 1.8 லட்சம், கடையிலேயே உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் காலை 11.20-க்கு லைன் வந்து, எல்லாம் ஒரே மூச்சில் மேலே ஏறுகிறது.

பேட்ச் என்ன செய்யும்? இரவு 2.30-க்கு ஓடி, இருக்கிற 388-ஐக் கூட்டிப் பண்ருட்டிக்கு ஒரு எண் போடும். எட்டு மணிக்கு முதலாளி அதைப் பார்த்து "பண்ருட்டியில என்ன ஆச்சு?" என்று மேனேஜருக்குப் போன் போடுவார். அன்றைய நாளை மட்டும் கணக்கிடும் பழைய பாணி பேட்ச் என்றால் அந்த 212 எந்த அறிக்கையிலும் ஏறாது. நேற்றைய தேதிப் பில்லை நாளை இரவு யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. இந்த நிறுவனத்தில் மாதக் கடைசியில் கணக்குப் பிள்ளையின் எண்ணும் அறிக்கையின் எண்ணும் ஒட்டாமல் போனதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு இரவும் கடைசி ஏழு நாளையும் அழித்துவிட்டு மறுபடி கூட்ட வேண்டும்.

```sql
BEGIN;
DELETE FROM daily_sales
 WHERE business_date >= CURRENT_DATE - 7;
INSERT INTO daily_sales
       (business_date, store_id, bills, amount)
SELECT business_date, store_id,
       COUNT(*), SUM(net_amount)
  FROM bills
 WHERE business_date >= CURRENT_DATE - 7
   AND status = 'OK'
   AND bill_type <> 'TRANSFER'
 GROUP BY business_date, store_id;
COMMIT;
```

ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருப்பதால் நடுவில் விழுந்தால் பழைய எண் அப்படியே இருக்கும். இரண்டு தடவை ஓடினாலும் எண் இரட்டிப்பாகாது. பண்ருட்டியின் 212 பில் மறுநாள் இரவு தானாகவே சரியான தேதிக்குப் போய்ச் சேரும். ஏழு நாள் என்பது சாஸ்திரமில்லை. இந்தக் கடைகளில் லைன் துண்டிப்பு மூன்று நாளுக்கு மேல் நீண்டதில்லை என்று பார்த்துவிட்டு, அதை இரட்டிப்பாக்கி ஒன்று சேர்த்துக்கொண்டேன்.

இப்போது அதே ராத்திரியை ஸ்ட்ரீமிங்கில் பார்ப்போம். விற்பனையாளரின் படத்தில் இருந்தபடி ஒவ்வொரு பில்லும் காஃப்காவுக்கு வருகிறது, கடைக்கு ஒரு தனி வரிசை, அதன் பெயர் பார்ட்டிஷன். ஃப்ளிங்க் அதைப் படித்து, பில் போட்ட நேரத்தை வைத்து ஒருநாள் விண்டோவில், அதாவது அந்த ஒரு நாளுக்கான கணக்கில், கூட்டுகிறது. "இனி இந்த நேரத்துக்கு முந்தைய பில் வராது" என்று ஃப்ளிங்க் எப்படித் தெரிந்துகொள்ளும்? வாட்டர்மார்க் என்று ஒன்று உண்டு. இதுவரை வந்ததில் மிகப் பிந்தைய பில் நேரத்திலிருந்து நாம் சொல்லும் சலுகை நேரத்தை, அரை மணி என்று வைப்போம், கழித்தால் வருவது. வாட்டர்மார்க் நள்ளிரவைத் தாண்டினால் விண்டோ மூடி எண் வெளியே வரும்.

பல பார்ட்டிஷன் இருந்தால் எல்லாவற்றிலும் பின்தங்கியதுதான் மொத்தத்துக்கும் வாட்டர்மார்க். பண்ருட்டி 4.10-ல் நின்றால் எல்லாருடைய வாட்டர்மார்க்கும் 3.40-ல் நிற்கும். மழையே பெய்யாத விழுப்புரத்தின் அறிக்கையும் வராது. இதைத் தவிர்க்க, பத்து நிமிடம் சத்தமில்லாத பார்ட்டிஷனைக் கணக்கில் எடுக்காதே என்று `withIdleness` அமைப்பைப் போடுவார்கள். போட்டால் மற்ற கடைகள் நகரும், ஆனால் பண்ருட்டியை விட்டுவிட்டு நகரும்.

இதோடு இன்னொரு வேடிக்கையும் உண்டு. படத்தைப் பார்க்கும் யாருக்கும் அது தெரியாது, நான் முதலில் ஒரு சோதனை ஓட்டத்தில்தான் பார்த்தேன். இரவு பத்துக்குக் கடை மூடியபின் எந்தக் கடையிலிருந்தும் பில் வராது. பில் வராவிட்டால் வாட்டர்மார்க் நகராது, நள்ளிரவைத் தாண்டாது. மறுநாள் காலை பத்து மணிக்கு எந்தக் கடையிலாவது முதல் பில் விழும்போதுதான் நேற்றைய விண்டோ மூடும். எட்டு மணி அறிக்கை பத்து மணிக்கு வரும். விநாடியில் ஓடுகிற ஏற்பாடு, இரவு இரண்டரைக்குச் சாதுவாக ஓடும் பேட்ச்சைவிட ஏழரை மணி நேரம் தாமதம். அதற்கும் வழி இருக்கிறது. கடை மூடியபின்னும் நிமிடத்துக்கு ஒரு வெற்றுச் செய்தி அனுப்பி வாட்டர்மார்க்கை நகர்த்தலாம். ஆனால் இதைத் தெரிந்த ஒருவர் இருந்து அதை எழுத வேண்டும்.

பண்ருட்டிக்குத் திரும்புவோம். காலை பத்து மணிக்கு விண்டோ மூடிவிட்டது. 11.20-க்கு 212 பில்லும் வருகின்றன. ஃப்ளிங்கின் இயல்பான அமைப்பில், மூடிய விண்டோவுக்குத் தாமதச் சலுகை பூஜ்யம். அந்த 212-ஐயும் அது சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், பிழை என்று லாகில்கூடச் சிவப்பாக எதுவும் வராது. `numLateRecordsDropped` என்ற அளவீட்டைப் பார்க்கிறவருக்கு மட்டும் அது 212 கூடியிருப்பது தெரியும். சோதனை ஓட்டத்தில் நானே அதைத் தேடிப் போய்ப் பார்த்ததால்தான் கண்டேன்.

ஸ்ட்ரீமிங்கை ஆதரிக்கிறவர் இங்கே ஒன்று சொல்வார், சரியாகவும் சொல்வார். விண்டோ போட்டது தப்பு. தேதி வாரியாக, கடை வாரியாக ஒரு ஓடும் கூட்டுத்தொகை வைத்துக்கொண்டு, பில் எப்போது வந்தாலும் அந்த வரியைத் திருத்தினால் போயிற்று. விண்டோ இல்லை, மூடுவது இல்லை, கீழே போடுவதும் இல்லை. உண்மையில் நான் ஸ்ட்ரீமிங் கட்டுவதாக இருந்தால் அப்படித்தான் கட்டுவேன். ஆனால் அப்போதும் இரண்டு கேள்வி மிச்சம் நிற்கும்.

முதல் கேள்வி, எட்டு மணிக்குத் தெரியும் எண் முடிந்த எண்ணா, இன்னும் மாறப்போகும் எண்ணா? ஓடும் கூட்டுத்தொகைக்கு அது தெரியாது. பேட்ச்சுக்கும் தானாகத் தெரியாது. இரண்டிலும் அதைத் தனியாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு வருகிறேன்.

இரண்டாவது, கணக்கு விதியே தப்பாக இருந்து மாற்ற வேண்டிவந்தால்? இந்த நிறுவனத்தில் அப்படி ஒன்று நடந்தது, அது இந்த ஊருக்கே உரியது. கடலூர் கிடங்கிலிருந்து புதுச்சேரிக் கடைக்குச் சரக்கு அனுப்பினால் முதலாளிக்கு அது ஒரு வீட்டு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போவது மாதிரி. ஜிஎஸ்டி கணக்கில் அப்படி இல்லை. தமிழ்நாட்டுப் பதிவு எண் 33-ல் தொடங்கும், புதுச்சேரிப் பதிவு 34-ல் தொடங்கும். இரண்டும் வெவ்வேறு நபர்கள். ஆகவே எல்லையில் இருக்கும் கன்னியக்கோயில் தாண்டுகிற ஒவ்வொரு லோடுக்கும் டேக்ஸ் இன்வாய்ஸ் போட்டு ஐஜிஎஸ்டி கட்டவேண்டும். நெய்வேலிக்குப் போகும் லோடுக்கு அது வேண்டாம், அது ஒரே பதிவுக்குள். விளைவாக, புதுச்சேரிக்குப் போன சரக்கெல்லாம் பில் டேபிளில் கடலூரின் "விற்பனை"யாக ஏறி, பிறகு புதுச்சேரியில் வாடிக்கையாளருக்கு விற்றபோது மறுபடி ஏறியிருந்தது. ஐந்து மாதம் யாரும் கவனிக்கவில்லை. கடலூர் நன்றாக ஓடுகிறது என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

மேலே உள்ள குறியீட்டில் `bill_type <> 'TRANSFER'` என்ற ஒரு வரி அதற்காகச் சேர்ந்ததுதான். சேர்த்துவிட்டு ஏழுக்குப் பதில் 160 நாள் என்று மாற்றி ஒருமுறை ஓட்டினோம். முடிந்தது. ஸ்ட்ரீமிங்கில் இதைச் செய்ய காஃப்காவில் ஐந்து மாதச் செய்திகள் இருக்கவேண்டும். அதன் இயல்பான சேமிப்புக் காலம் 168 மணி நேரம், அதாவது ஏழு நாள். அதை நீட்டலாம், அல்லது பழையதை நேரடியாக டேட்டாபேஸிலிருந்து படிக்க ஒரு நிரல் எழுதலாம். இரண்டாவதைச் செய்தால் நீங்கள் பேட்ச்சை எழுதிவிட்டீர்கள். பிறகு ஒரே விதியை இரண்டு இடத்தில், இரண்டு மொழியில் காப்பாற்ற வேண்டும்.

இனி, நாள் முடிந்ததா என்று கண்டுபிடிப்பது. பில் எண்ணே இதற்கு உதவும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஜிஎஸ்டி விதி 46-ன்படி இன்வாய்ஸ் எண் ஒரு நிதியாண்டுக்குள் தொடர் எண்ணாக, மீண்டும் வராததாக இருக்கவேண்டும். ஒவ்வொரு கவுண்டருக்கும் தனி வரிசை வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் ஒரு கவுண்டரின் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து ஒன்று கூட்டினால் பில் எண்ணிக்கை வரவேண்டும். வராவிட்டால் நடுவில் ஏதோ காணவில்லை.

```sql
SELECT store_id, counter_id,
       MAX(bill_no) - MIN(bill_no) + 1
         - COUNT(*) AS missing
  FROM bills
 WHERE business_date = CURRENT_DATE - 1
 GROUP BY store_id, counter_id;
```

ரத்தான பில்லையும் டேபிளிலிருந்து அழிக்காமல், ரத்து என்ற நிலையோடு வைத்திருந்தால்தான் இது வேலை செய்யும். இது நடுவில் உள்ள ஓட்டையை மட்டுமே காட்டும் என்பதையும் கவனியுங்கள். பண்ருட்டியில் காணாமல் போனது வால் பகுதி. ஒவ்வொரு கவுண்டரிலும் வந்துசேர்ந்த கடைசி எண் வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும், `missing` பூஜ்யம் என்றே காட்டும். அதற்கு நாள் முடிப்புப் பதிவு வேண்டும். கல்லாவை எண்ணி நாளை மூடும்போது கடைக் கணினி ஒரு வரி எழுதுகிறது: இந்தக் கவுண்டர், இந்தத் தேதி, கடைசி பில் எண் இது, மொத்தம் இவ்வளவு. அந்த வரி தலைமை அலுவலகத்துக்கு வந்து, எண்களும் ஒத்துப்போனால் அந்தக் கடைக்கு அந்த நாள் முடிந்தது. வராவிட்டால் முடியவில்லை. இப்போது முதலாளிக்குப் போகும் அறிக்கையில் பண்ருட்டிக்கு எதிரே "முழுமையில்லை, மாலை 4.10 வரை" என்று வரும். அவர் மேனேஜரைத் திட்டுவதற்குப் பதில் லைன் வந்துவிட்டதா என்று கேட்கிறார். இந்த மொத்த வேலையில் அவருக்கு மிகப் பிடித்த மாற்றம் இந்த ஒரு குறிப்புதான்.

தேதியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். குறியீட்டில் `business_date` என்று வருவது பில் போட்ட நேரத்திலிருந்து எடுத்ததல்ல. காலையில் கவுண்டரைத் திறக்கும்போது கடைக் கணினி பதித்துக்கொள்ளும் வியாபாரத் தேதி. ஏன் அப்படி? முன்பு பில் நேரத்திலிருந்துதான் தேதி எடுத்தார்கள். சர்வர் யுடிசி நேரத்தில் ஓடியது, நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். அதாவது அறிக்கையின் நாள் நம் நேரப்படி விடிகாலை ஐந்தரைக்கு மாறியது. பத்துக்குத் திறந்து பத்துக்கு அடைக்கும் கடைக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. தீபாவளிக்கு முந்தின இரவு ஒரு மணி வரை வியாபாரம் நடக்கும்போதுகூட அந்தப் பில்லெல்லாம் சரியாக முந்தின நாளிலேயே விழுந்தன. தற்செயலாக அமைந்த சரி.

பிறகு ஒரு புதிய பையன் வந்தான். கெட்டிக்காரன். சர்வர் நேரம் தப்பாக இருக்கிறதே என்று பார்த்து இந்திய நேரத்துக்கு மாற்றினான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தீபாவளிக்கு, கடையே திறக்காத பண்டிகை நாளில் மூன்று லட்சம் விற்பனை என்று அறிக்கை வந்தது. ஃப்ளிங்கிலும் ஒருநாள் விண்டோ இயல்பாக யுடிசி நள்ளிரவில்தான் வெட்டும், ஐந்தரை மணி நேரம் தள்ளி வை என்று நாம் சொல்லவேண்டும். சொன்னாலும் தீபாவளி இரவுக்கு அது உதவாது. எந்த வழியில் போனாலும் வியாபாரத் தேதியைக் கடையே பதித்து அனுப்புவதுதான் தீர்வு.

சரி, முதலாளியின் கேள்விக்கு என்ன பதில்? பகலில் எவ்வளவு என்று அவருக்குத் தெரியவேண்டும்தான். அதற்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக வந்ததை மட்டும் இழுத்துச் சேர்ப்பது. இதையும் பேட்ச் என்றே சொல்லலாம், சின்னப் பேட்ச். கேட்க எளிது, ஆனால் இதில் மூன்று பள்ளம் உண்டு.

எது புதிது என்று எப்படி முடிவு செய்வது? கடைக் கணினியின் நேரத்தை நம்பக்கூடாது. மதர்போர்டு பேட்டரி செத்த கவுண்டர் ஒன்று காலையில் எழும்போது பழைய வருடத்தில் எழும். தலைமை அலுவலக டேட்டாபேஸ் வாங்கிக்கொண்ட நேரத்தைத்தான் எடுக்கவேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம். போஸ்ட்கிரெஸில் `now()` தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், முடிந்த நேரமல்ல. 3.14-க்குத் தொடங்கி 3.16-க்கு முடிந்த ஏற்றம், 3.15-க்கு இழுத்தபோது கண்ணில் பட்டிருக்காது. அடுத்த முறை 3.15-க்குப் பிறகு வந்ததை மட்டும் கேட்டால் அது நிரந்தரமாகத் தப்பிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் பின்னோக்கிச் சேர்த்து இழுக்கிறோம். ஏற்கெனவே வந்தது மறுபடி வரும், அதே பில் இருந்தால் புதுப்பி என்று `ON CONFLICT` போட்டால் போதும்.

அதே பில் என்பதற்கு அடையாளம் என்ன என்பது மூன்றாவது பள்ளம். கடை, கவுண்டர், பில் எண் என்று மூன்றை மட்டும் வைத்தால் மார்ச் 31 வரை எல்லாம் நன்றாக இருக்கும். ஏப்ரல் 1 அன்று வரிசை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். போன வருடத்தின் முதல் பில்லின் மேல் இந்த வருடத்தின் முதல் பில் உட்கார்ந்துவிடும். நிதியாண்டையும் அடையாளத்தில் சேர்க்கவேண்டும். நாங்கள் பிப்ரவரியிலேயே கவனித்துவிட்டோம், அது அதிர்ஷ்டம்தான்.

இரவு ஏழு நாள் கூட்டல் நடக்கிறது என்பதால் பகல் இழுப்பு கொஞ்சம் தடுமாறினாலும் பெரிய நஷ்டமில்லை. பில்லெல்லாம் மூல டேபிளில் இருக்கின்றன, இரவு எல்லாவற்றையும் அங்கிருந்தே மறுபடி எண்ணுகிறோம்.

ஆள் செலவையும் சொல்லாமல் விடக்கூடாது, எனக்கு உண்மையில் முடிவை உறுதிப்படுத்தியது அதுதான். இந்த நிறுவனத்தின் ஐடி பிரிவு இரண்டு பேர். ஒருவர் பிரிண்டரும் பார்ப்பார். இதற்கு முன் நான் வேலை செய்த வேறொரு இடத்தில், போஸ்ட்கிரெஸிலிருந்து மாற்றங்களை டெபீசியம் என்ற கருவி படித்துக் காஃப்காவுக்கு அனுப்பும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெபீசியம் நின்றுவிட்டது, யாரும் பார்க்கவில்லை. போஸ்ட்கிரெஸ் என்ன செய்யும் என்றால், அந்த வாசகர் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிப்பார் என்று தன் மாற்றப் பதிவுகளை எல்லாம் அழிக்காமல் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு வரை சேர்க்கலாம் என்பதற்கான `max_slot_wal_keep_size` இயல்பாக -1, வரம்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸே நின்றது. அறிக்கை போகட்டும், பில்லிங்கும் நின்றது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கு வருகிற கூட்டம் கடைக்குள்ளும் நிற்கிற நேரம், கவுண்டரில் கையால் பில் எழுதினார்கள்.

பேட்ச் விழுந்தால் காலையில் அறிக்கை வராது. பையன் ஒன்பது மணிக்கு வந்து மறுபடி ஓட்டுவான், ஒன்பது ஐந்துக்கு வந்துவிடும். இரண்டு விபத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு. அந்த வரம்பை ஐந்து ஜிபி என்று வைத்து, வாசகர் பின்தங்கினால் எச்சரிக்கை போட்டு ஸ்ட்ரீமிங்கையும் பத்திரமாக நடத்தலாம், நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்க ஒரு ஆள் இருக்கிறார்.

ஆகவே நான் எழுதிக்கொடுத்தது இது: இரவு 2.30-க்கு ஏழு நாள் மறு கூட்டல், பகலில் பதினைந்து நிமிட இழுப்பு, இரண்டுக்கும் மேலே நாள் முடிப்புப் பதிவு பார்த்து முழுமை சொல்லும் ஒரு குறிப்பு. காஃப்கா வேண்டாம், ஃப்ளிங்க் வேண்டாம். முதலாளி கொஞ்சம் ஏமாந்த மாதிரி தெரிந்தது.

"அப்ப அந்த அம்புக்குறி படம் நமக்கு எப்பவுமே வேணாமா?"

"ஆன்லைன்ல விக்க ஆரம்பிச்சா பேசலாம் சார்," என்றேன்.

அது ஒப்புக்குச் சொன்னதில்லை. கடை அலமாரியில் இருக்கும் அதே கடைசிப் புடவையை இணையத்திலும் காட்டினால், கவுண்டரில் பில் போட்ட அடுத்த விநாடியே இணையத்தில் அது மறைய வேண்டும். பதினைந்து நிமிடம் தாமதித்தால் இரண்டு பேருக்கு ஒரே புடவையை விற்றிருப்போம். அப்போது ஒவ்வொரு பில்லும் உடனே ஓடிவர வேண்டும், அதற்குக் கருவி வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். அன்றைக்கும் இரவு 2.30 கூட்டல் இருக்கும், ஏனென்றால் பண்ருட்டியில் மழை பெய்யும்.

இப்போதைக்குத் தினமும் காலை எட்டு மணிக்கு அறிக்கை போகிறது. போன மழைக்காலத்தில் பதினொரு நாள் ஏதாவது ஒரு கடைக்கு எதிரே "முழுமையில்லை" என்று வந்தது. அதில் ஏழு நாள் பண்ருட்டி. அங்கே இரண்டாவதாக ஒரு லைன் போடச் சொல்லி முதலாளியே இப்போது துரத்திக்கொண்டிருக்கிறார்.